ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒன்று, நின்றுபோன சம்பளத்துக்கு ஒன்று

திருப்பூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் தெருவுக்கு நாலு பேர் இப்படி இருப்பார்கள். மனைவிக்கு வயது 41. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 45,000 ரூபாய் சம்பளம். கணவர் சின்னதாக ஒரு எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன். நால்வருக்கும் சேர்த்து 10 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அவருக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று பரிசோதனையில் தெரிகிறது.

சிகிச்சை கோயம்புத்தூரில். முதலில் அறுவை சிகிச்சை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோ, அதன்பின் மூன்று வாரம் ரேடியேஷன். மொத்த பில் ஏழரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் காப்பீடு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் இரவு தங்க வேண்டியதில்லை என்றாலும், பகல் நேரச் சிகிச்சை என்ற கணக்கில் அவற்றுக்கும் பணம் வருகிறது. இந்த வகைப் பாலிசி ஆகும் செலவை ஈடுகட்டும். பில் எவ்வளவோ, விதிகளுக்கு உட்பட்டு அவ்வளவு. அதுவும் பெரும்பாலும் நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடும்.

இனி வீட்டுக் கணக்கு. கையிருப்பு விடுப்பு முதல் மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எட்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு, அதாவது 3,60,000 ரூபாய் வரவில்லை. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்குமாக முப்பது தடவை வாடகைக் கார், தடவைக்கு 2,500 என்றால் 75,000. வீட்டு வேலைக்கு ஓர் ஆள், மாதம் 6,000 வீதம் 48,000. அந்த முப்பது நாளும் கடை மூடியிருந்ததில் நாளுக்கு 1,500 என்று வைத்தால் 45,000. பாலிசிக்குள் வராத மாத்திரை, மறுபரிசோதனை வகையில் 40,000. கூட்டினால் 5,68,000. இதில் ஒரு ரூபாய்க்குக்கூட மருத்துவக் காப்பீட்டில் இடமில்லை. நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லுக்காக அல்ல, இந்த இரண்டாவது கணக்குக்காகத்தான்.

தீவிர நோய்க் காப்பீடு, ஏஜென்ட்கள் ‘கிரிட்டிகல் இல்னஸ்’ என்று சொல்வது, இந்தக் கணக்குக்கானது. அது பில்லே கேட்பதில்லை. பட்டியலில் உள்ள நோய், பாலிசியில் எழுதியிருக்கும் தீவிரத்தோடு வந்திருக்கிறது என்று நிரூபணமானால், எடுத்த தொகையை மொத்தமாக நம் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். அந்தப் பெண்மணிக்கு 10 லட்சத்துக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், பில்லுக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக, இந்தப் பத்து லட்சமும் தனியாக வந்திருக்கும். ஒன்றில் வாங்கியதற்காக மற்றொன்றில் குறைக்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் இது ஒன்றே போதாதா என்று தோன்றலாம். போதாது. காரணம் ‘தீவிரத்தோடு’ என்ற அந்த ஒரு சொல். முக்கியமான நோய்களுக்கு எதைத் தீவிரம் என்று கொள்வது என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரையறுத்து வைத்திருக்கிறது. அதன்படி, சுற்றியுள்ள திசுவுக்குள் இன்னும் ஊடுருவாத, தோன்றிய இடத்திலேயே நிற்கும் புற்று, கணக்கில் சேராது. அதே பெண்மணிக்கு மேமோகிராமில் அந்தக் கட்டத்திலேயே தெரிந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் கொடுக்கும். வழக்கமான தீவிர நோய் பாலிசி கைவிரித்துவிடும். ஆரம்பநிலைக்கும் ஒரு பகுதியைக் கொடுக்கும் பாலிசிகள் உண்டு, பிரீமியம் கூடும்.

இதயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். நெஞ்சுவலி என்று போய், அடைப்பு தெரிந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தால் அதற்காக மட்டும் பணம் வராது. பைபாஸ் பட்டியலில் உண்டு, ஆஞ்சியோபிளாஸ்டி அந்த வரையறையில் இல்லை. ஆனால் உண்மையிலேயே மாரடைப்பு வந்து, அதன் பிறகு ஸ்டென்ட் வைத்திருந்தால் கதை வேறு. அங்கே கிளைம் மாரடைப்புக்கு, ஸ்டென்ட்டுக்கு அல்ல. இ.சி.ஜி.யில் புதிய மாற்றம், ரத்தத்தில் ட்ரோபோனின் உயர்வு, மாரடைப்புக்கே உரிய அறிகுறிகள் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் சேர்த்த அன்றே எடுத்த அந்த ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘ஸ்டென்ட் வைக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் இருந்து, ஏன் வைத்தார்கள் என்பது இல்லாவிட்டால் கிளைம் இழுபறியாகும். பக்கவாதத்திலும் இப்படித்தான்: உடல் பாதிப்பு மூன்று மாதமாவது நீடித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், ஒரு நாளில் சரியாகிவிட்ட சின்ன தாக்குதல் சேராது.

காலக் கணக்குகளும் இரண்டு உண்டு. பாலிசி எடுத்த முதல் 90 நாளுக்குள் நோய் தெரிந்தால் பொதுவாகப் பணமில்லை. நோய் உறுதியான பிறகு, பெரும்பாலான பாலிசிகளில் 30 நாள் வரை, நோயாளி உயிரோடிருக்க வேண்டும். முதல் மாரடைப்பிலேயே இறந்துபோகிறவரின் குடும்பத்துக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு டேர்ம் இன்ஷூரன்ஸ்தான் வேண்டும்.

ஆகவே முதலில் மருத்துவக் காப்பீடு. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. டெங்கு, விபத்து, குடல்வால், பித்தப்பைக் கல் எல்லாவற்றுக்கும் அதுதான் கை கொடுக்கும். வீட்டில் இருப்பது மூன்று லட்சம், ஐந்து லட்சம் பாலிசி என்றால், கையில் உள்ள காசைத் தீவிர நோய் பாலிசியில் போடுவதற்கு முன் ஒரு ‘சூப்பர் டாப்-அப்’ எடுப்பது மேல். ஆண்டின் மொத்த பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகுதான் அது பணம் கொடுக்கும் என்பதால், பெரிய தொகைக்குக்கூட பிரீமியம் குறைவாகவே வரும்.

இரண்டாவது பாலிசி வேண்டுமா என்பதை நோயைவிடச் சம்பளம்தான் முடிவு செய்கிறது. மருத்துவ விடுப்பிலும் சம்பளம் வரும் அரசு ஊழியருக்கு இதன் அவசரம் குறைவு. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நீண்டகால நோய்களில் கூலியின் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழியிருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டிய தனியார் ஊழியரும் சொந்தத் தொழில் செய்பவரும்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். சம்பள உயர்வோடு இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் இந்த இழப்பைக் கவனித்திருப்பார்கள்?

அப்படிப்பட்ட வீட்டில் சம்பாதிப்பவர் பெயரில் மட்டும் எடுத்தால் போதும். பிள்ளைகளுக்கு எடுக்கச் சொல்லும் ஏஜென்டிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். தொகைக்கு என் கணக்கு, ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுச் சம்பளம். திருப்பூர்ப் பெண்மணிக்கு அது எட்டிலிருந்து பதினோரு லட்சத்துக்குள் வரும். அவ்வளவு பணம் ஏற்கெனவே வைப்பு நிதியில் இருந்து, அதைத் தொட மனமும் இருந்தால், இந்தப் பாலிசி இல்லாமலே சமாளிக்கலாம். எடுப்பதானால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஃபைலில் ஏறுவதற்கு முன், நாற்பதையொட்டிய வயதில் எடுப்பது நல்லது. பின்னால் பிரீமியமும் கேள்விகளும் ஏறும்.

டேர்ம் பாலிசியோடு ரைடராக எடுத்தால் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். அங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் தொகை ஆயுள் காப்பீட்டுக்கு மேல் தனியாக வருவதா, அதிலிருந்தே முன்கூட்டி எடுத்துக் கொடுப்பதா? இரண்டாவது வகையில், ஒரு கோடி பாலிசியில் நோய்க்காக 20 லட்சம் வாங்கினால், பிறகு இறப்புக்குக் கிடைப்பது 80 லட்சம்தான். வாய்ப்பேச்சை நம்பாமல் பாலிசிப் பத்திரத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடவும் வழி இருக்கிறது.