ஓடும் முக்காலி

மேடு பள்ளமான தரையில் நாற்காலியைப் போட்டால் ஏதாவது ஒரு கால் தரையைத் தொடாமல் ஆடும். அதே இடத்தில் முக்காலியைப் போடுங்கள். மூன்று கால்களும் தரையில் பதிந்து நிற்கும். மூன்று புள்ளிகள் எப்படி அமைந்தாலும் ஒரே தளத்தில்தான் இருக்கும் என்பது நீங்கள் வடிவியலில் படித்ததுதான்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் உள்ள மல்லாங்கிணற்றில் நிற்கும் ஆட்டோ ரிக்‌ஷாவும் ஒரு முக்காலிதான். கரிசல் காட்டு வண்டிப் பாதையில் இறங்கினாலும் அதன் மூன்று சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டே போகும். ஆனால் வேகமாக ஒரு திருப்பத்தில் திரும்பினால் இதே ஆட்டோ கவிழ்ந்தும் விடுகிறது. ஆடாமல் நிற்கும் முக்காலி ஏன் கவிழ வேண்டும்? விடை காண, வண்டியைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

எஞ்சின் ஏன் பின்னால்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-இல் 'வெஸ்பா' ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் கொராடினோ டாஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர். அவரே அந்த ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தி, 1948-இல் 'ஆப்பே' என்ற மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. நம் நாட்டு ஆட்டோ இந்தத் தேனீயின் வழிவந்தது. பஜாஜ் நிறுவனம் 1977-இல் பின்பக்க எஞ்சின் கொண்ட ஆட்டோவை அறிமுகப்படுத்தியது. நம் ஊர்களில் அதிகம் காணப்படும் அமைப்பு அதுவே.

இதில் கனமான சட்டம் எதுவும் தனியாக இல்லை. அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த கூடே சட்டமாகவும் தரையாகவும் பயன்படுகிறது. முன்னே ஒரு குழாய்; அதற்குள் ஹேண்டில்பாரின் தண்டு இறங்கி முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. பயணிகள் இருக்கைக்குப் பின்புறம், கீழே எஞ்சினும் கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே தொகுதியாக அமைந்துள்ளன. அத்தொகுதியின் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு சிறு தண்டு புறப்பட்டு ஒவ்வொரு பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

எஞ்சினையும் பயணிகளையும் பின்னால் வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களைக் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் அடிப்பக்கம் பின்னால், உச்சி முன்னால். முக்கோணம் பின்னால் அகலமாகவும் முன்னே போகப் போகக் குறுகியும் இருக்கிறது. எடையை அகலமான பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. எனவேதான் முன் சக்கரத்தின் அருகே ஓட்டுநர் மட்டும் அமர்கிறார்.

திரும்புவது எப்படி?

காரில் முன் சக்கரங்கள் இரண்டு. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் சற்றுக் குறைவாகவும் வளைய வேண்டும். அதற்காகப் பல இணைப்புக் கம்பிகள் தேவைப்படுகின்றன. ஆட்டோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு முன் சக்கரம் திரும்பும்.

ஒரு படம் வரைந்து பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர். பின் சக்கரங்களுக்கு இடையே 1.15 மீட்டர். வழக்கமான பஜாஜ் ஆட்டோவின் அளவுகள் ஏறக்குறைய இவையே. முன் சக்கரத்தை 45 பாகை திருப்பியதாகக் கொள்வோம். முன் சக்கரத்தின் அச்சையும் பின் அச்சையும் பக்கவாட்டில் நீட்டினால் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியைச் சுற்றியே வண்டி வட்டமடிக்கும். அது பின் அச்சின் நடுவிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் இருக்கும். முன் சக்கரம் ஓடும் வட்டத்தின் ஆரம் 2.83 மீட்டர். குறுகலான தெருவிலும் ஆட்டோ சுற்றித் திரும்பிவிடும் ரகசியம் இதுதான்.

இப்போது பின் சக்கரங்களைப் பாருங்கள். உள்சக்கரத்தின் வட்டத்துக்கு ஆரம் 1.43 மீட்டர், வெளிச்சக்கரத்துக்கு 2.58 மீட்டர். ஒரு முழு வட்டத்தில் உள்சக்கரம் சுமார் 9 மீட்டர் ஓடும்போது, வெளிச்சக்கரம் சுமார் 16 மீட்டர் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒரு டயர் தேய்த்துக்கொண்டே வரும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியின் வேலை.

டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சக்கரத்துக்குத் தடை குறைவோ, சுழற்சி அந்தப் பக்கம் போய்விடும். மழைக்காலத்தில் ஒரு பின் சக்கரம் கரிசல் சேற்றில் இறங்கிவிட்டால் அது மட்டும் வீணாகச் சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது அசையாது. எஞ்சின் நன்றாக ஓடியும், கியர் விழுந்தும், வண்டி நகரவில்லை என்றால் ஒரு பக்கத் தண்டு கழன்றோ முறிந்தோ இருக்கலாம் என்று மெக்கானிக் ஊகிப்பதும் இதை வைத்துத்தான்.

எப்போது கவிழும்?

ஸ்கூட்டர் ஓட்டுபவர் வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்து சமாளிக்கிறார். ஆட்டோ அப்படிச் சாயாது. மாறாக, ஸ்பிரிங்குகள் அமுங்குவதால் அதன் கூடு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. வளைவில் திரும்பும் வண்டி நேரே போகவே முயல்கிறது. டயர்கள் அதன் அடியை உள்பக்கம் இழுக்கின்றன. அதனால் மேல்பாகம் வெளியே கவிழப் பார்க்கிறது. வெளிப் பின் சக்கரத்தையும் முன் சக்கரத்தையும் இணைக்கும் கோடுதான் கவிழும் கோடு.

ஓட்டுநரும் மூன்று பயணிகளும் ஏறிய ஆட்டோவின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 60 செ.மீ. முன்னாலும், தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் சுமார் 40 செ.மீ. இந்த 40-ஐ 65-ஆல் வகுத்தால் 0.62. அதாவது, பக்கவாட்டு விசை வண்டியின் எடையில் 0.62 பங்கை எட்டினால் உள் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

8 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் இது எந்த வேகத்தில் நிகழும்? ஆரம் 8-ஐ 9.8-ஆலும் 0.62-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வரும்; மணிக்கு 25 கி.மீ.! இதே அகலமும் உயரமும் உள்ள நான்கு சக்கர வண்டிக்குப் பாதி அகலம் எங்கும் 57.5 செ.மீ. அது 30 கி.மீ. வரை தாங்கும். முன்பக்கம் குறுகியதற்கு ஆட்டோ கொடுக்கும் விலை இந்த 5 கி.மீ.

கூடு வெளியே சாய்வதால் ஈர்ப்பு மையமும் சற்று நகரும். அது 5 செ.மீ. நகர்ந்தாலே 25 கி.மீ. என்பது 23 ஆகிவிடும்.

இனிப் பாரத்தைச் சேர்த்துப் பார்ப்போம். சிவகாசி அச்சகத்திலிருந்து வரும் காலண்டர் கட்டுகள் பார்க்கச் சிறியவை. ஆனால் காகிதம் கனமானது. 60 கிலோ கட்டுகளை 1.8 மீட்டர் உயரத்தில் கூரைமேல் கேரியரில் ஏற்றினால், 540 கிலோ எடையுள்ள நம் வண்டியின் ஈர்ப்பு மையம் 65-லிருந்து சுமார் 76 செ.மீ. உயரத்துக்கு ஏறும். கவிழும் வேகம் 25-லிருந்து 23-ஆக இறங்கும். போதாததற்கு ஓட்டுநரின் இருபுறமும் இரண்டு பேர் தொற்றிக்கொண்டால் ஈர்ப்பு மையம் குறுகலான முன்பக்கம் நகர்ந்து, வேகம் 22-ஆகும். 3 கி.மீ. தானே என்று எண்ணாதீர்கள். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதே கட்டுகளைப் பயணிகளின் காலடியில் வைத்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து வண்டி முன்னைவிட உறுதியாக நிற்கும்.

வளைவில் திடீரென்று பிரேக் போடுவது இன்னும் ஆபத்து. திரும்புவதால் எடை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. பிரேக்கினால் முன்பக்கமும் தள்ளப்படுகிறது. இரண்டும் சேர்ந்து அந்தச் சாய்ந்த கவிழும் கோட்டை நோக்கியே அழுத்துகின்றன. எனவே அனுபவமுள்ள ஓட்டுநர் திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

உள்சக்கரம் எழும்பத் தொடங்குவதை ஓட்டுநர் காதாலேயே அறியலாம். எடை குறைந்த அந்தச் சக்கரத்துக்கு டிஃபரன்ஷியல் சுழற்சியை அனுப்பிவிடும். அது சும்மா சுற்றும். வண்டி இழுக்காமல் எஞ்சின் சத்தம் மட்டும் திடீரென்று உயரும். உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, சாலையில் இடமிருந்தால் ஹேண்டில்பாரைச் சற்று நேராக்க வேண்டும். ஆரம் பெரிதானால் விசை குறையும். சக்கரம் தரைக்கு இறங்கும்.

சாலையில் மணல் கிடந்தால் கதை வேறு. உலர்ந்த தார்ச் சாலையில் டயரின் பிடி எடையில் சுமார் 0.7 பங்கு. நம் ஆட்டோவுக்குக் கவிழ 0.62 பங்கே போதும். ஆகவே சறுக்கும் முன்பே கவிழும். மணலில் அந்தப் பிடியே கிடைக்காது. வண்டி கவிழாமல் வெளிப்பக்கம் சறுக்கும். சாலையோரக் கல்லில் சக்கரம் தட்டினால்தான் உருளும்.

தீப்பெட்டி ஆட்டோ

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கெட்டி அட்டையில் 20 செ.மீ. நீளமும் 11.5 செ.மீ. அடிப்பக்கமும் கொண்ட முக்கோணம் வெட்டுங்கள்; இது ஆட்டோவின் பத்தில் ஒரு பங்கு. மூன்று மூலைகளின் அடியிலும் ரப்பர் துண்டுகளை ஒட்டுங்கள். மணல் நிரப்பிய எட்டுத் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அடிப்பக்கத்திலிருந்து 6 செ.மீ. முன்னால் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு பலகையின் விளிம்புக்கு இணையாக, முன்னும் பின்னும் அந்த விளிம்பின் போக்கிலேயே இருக்குமாறு இதை வைத்து, எதிர் விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். சறுக்காமலிருக்கக் கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்கு அருகே ஒரு சிறு தடுப்பு வையுங்கள்.

ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் அது கவிழும். தீப்பெட்டிகளை அடிப்பக்கத்திலிருந்து 10 செ.மீ. முன்னால் இருக்குமாறு நகர்த்திக் கட்டி மறுபடி உயர்த்துங்கள். இம்முறை 22 பாகையை ஒட்டியே கவிழ்ந்துவிடும். பெட்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் எத்தனை பாகை வரை தாங்குகிறது என்று கோணமானியால் அளந்து, முதல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.