போகாதே என்றால் போதுமா?

2017 நவம்பர் 30 காலை ஒக்கி புயலாக வலுத்தபோது, கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில்தான் இருந்தது. முந்தைய நாள் காலையில் அது இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலம். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று அறிவித்தார்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து விசைப்படகுகளோ தங்கல் தொழிலுக்குப் போய்ப் பல நாளாக ஆழ்கடலில் கிடந்தன. ஏற்கெனவே போனவர்களிடம் போகாதே என்று சொல்லி என்ன பயன்? படகிலுள்ள வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது என்பது தனிக் கதை.

வானிலை அறிக்கை வரும் விதத்தைப் பாருங்கள்: 'ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம் மேற்கு வடமேற்கு திசையில் நகர்ந்து, பலத்த சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்.' சொன்னதில் பிழையில்லை. ஆனால் கேட்பவர் செய்ய வேண்டியது கடைசி வரி வரை வருவதில்லை. தாழ்வு மண்டலம் என்றதும் பலருக்கு மழைதான் நினைவுக்கு வருகிறது. காற்று 62 கி.மீ.யைத் தொட்டால்தான் 'புயல்' என்ற பெயர் கிடைக்கும். வள்ளம் கவிழ அவ்வளவு வேகம் தேவையில்லை.

அதனால் தமிழில் எழுதும்போது வரிசையைப் புரட்டிப் போட வேண்டும். வேலை முதலில், விளக்கம் பிறகு. ஒக்கி நாளின் நிலவரத்தை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

'30ஆம் தேதி, காலை 9 மணி. கன்னியாகுமரிக்குத் தெற்கே புயல். லட்சத்தீவு நோக்கிப் போகிறது. கரையில் இருப்பவர்கள் படகை இறக்காதீர்கள். கடலில் இருப்பவர்கள் வலையை விட்டுவிட்டு உடனே புறப்படுங்கள். புயல் போகும் பாதைக்குள் ஓடாதீர்கள். சொந்த ஊர் துறைமுகம்தான் என்று காத்திராமல், பாதைக்கு விலகி எது கிட்டே இருக்கிறதோ அங்கே ஏறுங்கள். எல்லோரும் உயிர்காப்பு அங்கியை இப்போதே மாட்டுங்கள்.'

'கூடும்', 'அறிவுறுத்தப்படுகிறார்கள்' இரண்டும் இதில் இல்லை. ஆழம் சொல்ல நேர்ந்தால் மீட்டரோடு பாகத்தையும், திசையோடு வாடை, கொண்டல், கச்சான் போன்ற பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். உள்ளூர் சம்மாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்பக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிச் செய்தி வேண்டும். யார் எந்தப் படகில், எத்தனை பேர், கடைசியாக எங்கிருந்து பேசினார்கள் என்பதை எழுதி மீன்வளத் துறையிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும். தேடுபவர்களுக்கு அதுதான் பிடி. புயல் கரையைக் கடக்கும் ஊரில், காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள் என்பதும் அவசியம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

புயல் காலத்தில் வானிலை மையம் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை நிலவரத்தைப் புதுப்பிக்கிறது. எனவே செய்தியின் தலையில் தேதியும் நேரமும், முடிவில் அடுத்த அறிவிப்பு எப்போது என்பதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய குரல்பதிவு இன்று வாட்ஸ்அப்பில் சுற்றி, தணிந்த கடலுக்குப் பயமும் கொந்தளிக்கும் கடலுக்குத் தைரியமும் கொடுத்துவிடும்.