வீட்டுப் பட்டியல் இல்லாத பகுதியில் ஆய்வுக்கான வீடுகளைத் தேர்வு செய்வது எப்படி?

புதுடெல்லி: தெற்கு டெல்லியின் சங்கம் விஹார் போன்ற அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளில் மாதிரி ஆய்வு நடத்துவோருக்கு, நம்பத்தக்க வீட்டுப் பட்டியல் கிடைப்பதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் அங்கு வீடுகள் பெருகிவிட்டன. வாக்காளர் பட்டியலிலோ வாடகைதாரர் பலர் இடம்பெறுவதில்லை.

இதற்கு மாற்றாக, செயற்கைக்கோள் படத்தின் மீது, உதாரணமாக 100 மீட்டர் அளவுள்ள சதுரக் கட்டங்கள் வரையப்படுகின்றன. வீடுகளே இல்லாத கட்டங்களை நீக்கி, எஞ்சியவற்றுக்கு எண்ணிட்டு, குலுக்கல் முறையில் சில கட்டங்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தொடக்கப் புள்ளியும் தேர்வாகின்றன.

புள்ளிக்கு மிக அருகிலுள்ள வீட்டையே எடுப்பதுதான் வழக்கமான பிழை. தனித்து நிற்கும் வீட்டைச் சுற்றி வெற்றிடம் அதிகம் என்பதால், அதுவே அடிக்கடி சிக்கும். நெரிசலான சந்துகளில் வாழ்வோர் விடுபடுவர்.

எனவே புள்ளியைச் சுற்றி, 20 மீட்டர் வட்டத்திலுள்ள எல்லாக் குடும்பங்களையும் பட்டியலிட்டு, அதில் ஒன்று குலுக்கலில் எடுக்கப்படுகிறது. வட்டத்தில் 40 குடும்பங்கள் இருந்தால் அந்தப் பதிலுக்கு 40 மடங்கு எடை. 4 இருந்தால் 4 மடங்கு.

இந்த எண்ணிக்கை தவறினால் கணக்கே சாயும். படத்தில் தெரிவது கூரை மட்டுமே. நான்கு மாடிக் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள் இருக்கலாம். படியேறாத களப்பணியாளர் ஒன்று என எழுதிவிடுவார். ஆகவே சில வட்டங்களை வேறொருவர் மீண்டும் எண்ணி ஒப்பிட வேண்டியுள்ளது.