இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி 12 கிரவுண்டு மனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி. பில்டர் மூன்று இடங்களில் மண் பரிசோதனைத் துளை போடச் சொல்கிறார். அஸ்திவார வரைபடம் பாதி தயாராகிவிட்டது, பூஜைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் மண் ஆலோசகரிடமிருந்து முடிவறிக்கைக்குப் பதிலாக ஒரு கடிதம் வருகிறது: 'மண் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. மேலும் நான்கு துளைகள் தேவை. அதுவரை அஸ்திவார வகையை முடிவு செய்ய வேண்டாம்.'

"இன்னும் நாலா? பக்கத்து வீட்டுல தண்ணிக்குப் போர் போட்டப்போ 20 அடியில பாறை வந்துச்சே சார்" என்றுதான் எந்த பில்டருக்கும் முதலில் தோன்றும். மனை கற்பனையானது. ஆனால் இத்தகைய கடிதமும் இந்தக் கேள்வியும் கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழக்கமானவை. ஆலோசகர் கூடுதல் வேலை பார்த்துக்கொள்ளத்தான் இப்படி எழுதுகிறார் என்ற சந்தேகமும் அதோடு சேர்ந்தே வரும். கடிதத்தில் இருக்கும் விவரங்களைப் படித்தால் அந்தச் சந்தேகம் நிற்காது.

முதலில், அந்தத் துளை எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்கலாம். மூன்று இரும்புக் கால்களை நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, 15 சென்டிமீட்டர் விட்டத்தில் மண்ணைக் குடைந்துகொண்டே போவார்கள். சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை குடைவதை நிறுத்திவிட்டு, நெடுக்காகப் பிளந்து திறக்கக்கூடிய ஒரு இரும்புக் குழாயைத் துளையின் அடியில் வைப்பார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் கம்பியின் மேல் விழவிடுவார்கள். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவது கணக்கில் வராது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆனதோ அதுதான் 'என் மதிப்பு'. மேலே வந்த குழாயைத் திறந்தால் அந்த ஆழத்து மண் உள்ளே உருளையாகக் கிடக்கும். கட்டை விரலால் அழுத்தினால் புதைகிற கருங்களி என்றால் இரண்டு, மூன்று அடியிலேயே குழாய் இறங்கியிருக்கும். ஐம்பது அடி அடித்தும் இறங்க மறுத்தால் கெட்டியான படுகை, அல்லது சிதைந்த பாறை.

நம் மனையின் முதல் துளை மேற்குப் பக்கம். ஒரு மீட்டர் கொட்டிய மண், அதற்குக் கீழே கெட்டியான மணல் கலந்த களி, ஆறு மீட்டரில் சிதைந்த பாறை. எந்த பில்டருக்கும் நிம்மதி தரும் துளை அது. இரண்டாவது, அங்கிருந்து 40 மீட்டர் கிழக்கே. இரண்டு மீட்டர் கொட்டிய மண்ணுக்குக் கீழே ஆறு மீட்டர் தடிமனுக்குக் கருஞ்சாம்பல் நிறச் சேற்றுக்களி, என் மதிப்பு 2 அல்லது 3. அதற்கும் கீழே மணல். பாறை 14 மீட்டரில்தான். மூன்றாவது, வடக்கு ஓரம். அங்கே மூன்று மீட்டர் ஆழம்வரை உடைந்த செங்கலும் பிளாஸ்டிக் பையும் வருகின்றன. யாரோ எப்போதோ பள்ளத்தை இடிபாட்டுக் கழிவால் நிரப்பியிருக்கிறார்கள். பாறை 11 மீட்டரில்.

இந்தப் பகுதியில் இது அதிசயமில்லை. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் சார்னோகைட் பாறைதான் அடியில் இருக்கிறது. ஆனால் அதன் மேற்பரப்பு சமதளம் கிடையாது, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அந்தப் பள்ளங்களில் சதுப்பு நிலமும் ஏரிகளும் நீரோடைகளும் காலங்காலமாகக் களியையும் மணலையும் படியவைத்திருக்கின்றன. பிறகு மனிதர்கள் வந்து மேலே மண் கொட்டிச் சமன் செய்தார்கள். இன்று மனையில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மட்டம்தான்.

மூன்று துளைகளும் சேர்ந்து மனையில் எவ்வளவு இடத்தைப் பார்த்திருக்கின்றன? பரப்பளவில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. மண் சீராக இருந்தால் அது போதும். மூன்று துளையும் ஒரே கதையைச் சொன்னால் நான்காவதும் அதையே சொல்லும் என்று நம்பலாம். இங்கே மூன்றும் மூன்று கதை சொல்கின்றன. ஆகவே நடுவில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கடிதம் சுற்றிச் சுற்றி வரும் இடம் இதுதான்.

அதை ஆலோசகர் ஒரு கணக்காகவே எழுதிக்காட்டுவது நல்லது. சாதாரண ஃபுட்டிங்கில் கட்டினால், கிழக்குப் பக்கத்துச் சேற்றுக்களி கட்டடத்தின் பாரத்தால் நீரை மெல்ல மெல்ல வெளியேற்றிச் சுருங்கும். ஆறு மீட்டர் தடிமனுக்குத் தோராயமாக 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் 10 மில்லிமீட்டர்தான் இறங்கும். வித்தியாசம் 80 மில்லிமீட்டர். கட்டடம் முழுவதும் ஒரே அளவாக 80 மில்லிமீட்டர் இறங்கினால் குழாய் இணைப்புகளும் வாசற்படியும் சிரமப்படும், சுவர்கள் பெரிதாகப் பாதிக்காது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

இனி கேள்வி, அந்த 80 மில்லிமீட்டர் எத்தனை தூரத்தில் நிகழ்கிறது என்பது. களியின் தடிமன் 40 மீட்டர் தூரத்தில் சீராகக் கூடிக்கொண்டே போனால் சரிவு 500-ல் 1. கட்டடம் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் பழைய ஓடைக்கரைபோல பாறை திடீரென்று கீழே இறங்கி, வித்தியாசம் முழுவதும் ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே விழுந்தால், சரிவு 75-ல் 1. உண்மையான கட்டடத்தின் விறைப்பு இதைக் கொஞ்சம் பகிர்ந்து குறைக்கும் என்றாலும், எச்சரிக்கைக்கு இந்த அளவு போதும். பிரிட்டனின் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் பல கட்டடங்களை ஆராய்ந்து 1956-ல் வெளியிட்ட அளவுகோலின்படி, 300-ல் 1 வந்தாலே சுவர்கள் விரிசல்விடத் தொடங்கும். 150-ல் 1 என்றால் உத்தரமும் தூணுமே பாதிக்கப்படலாம். அதாவது கையில் இருக்கும் அதே மூன்று துளைகளை வைத்து 'பரவாயில்லை' என்றும் சொல்லலாம், 'கட்டடம் கெட்டுவிடும்' என்றும் சொல்லலாம். இரண்டில் எது உண்மை என்பதை நடுவில் போடும் துளைதான் சொல்லும்.

களி ஒரே நாளில் சுருங்குவதில்லை. வருடக்கணக்கில் ஆகும். வீடுகளை விற்று, சாவியைக் கொடுத்து, குடிவந்தவர்கள் அலமாரி அடித்து முடித்த பிறகுதான் கதவு நிலை மூலையிலிருந்து சாய்வாக முதல் விரிசல் கிளம்பும்.

பக்கத்து வீட்டுக் கிணற்றுப் போர் ஏன் உதவாது? தண்ணீருக்குப் போடுகிறவர் பாறையை எட்டினாரா என்பதைத்தான் கவனிப்பார். நடுவில் வந்த களி எவ்வளவு இளகியது என்று அளப்பதில்லை. தவிர, அவர் பாறை என்று சொன்னது பாறைதானா? சார்னோகைட் சிதையும்போது நடுவில் உருண்டைப் பாறாங்கற்களை விட்டுவைக்கும். அப்படி ஒரு கல்லில் முட்டினாலும் சுத்தியல் இறங்காது. அதனால்தான் கடிதம், பாறை தட்டியதும் நிறுத்தாமல் வைரமுனைக் குழாயால் மூன்று மீட்டராவது உள்ளே குடைந்து பாறைத்துண்டை எடுத்துப் பெட்டியில் வரிசையாக வைக்கச் சொல்கிறது. மூன்று மீட்டரும் பாறையாக வந்தால் அதை நம்பலாம். ஒன்றரை மீட்டர் கல் வந்து மறுபடி மண் வந்தால் அது பாறாங்கல்.

ஆழம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, மண் பொறியியல் படிப்பவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு சம்பவம் கனடாவில் நடந்தது. வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் ஒரு மாபெரும் தானியக் களஞ்சியம் கட்டினார்கள். அஸ்திவார மட்டத்தில் தட்டு வைத்துப் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள், மண் கெட்டியாகத்தான் இருந்தது. 1913 செப்டம்பரில் தானியம் நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18 அன்று களஞ்சியம் ஒரு மணி நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் இறங்கி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, 1950-களின் தொடக்கத்தில் துளை போட்டுப் பார்த்தபோது காரணம் தெளிவானது. மேலே கெட்டிக்களி, கீழே இளகிய களி. சிறிய தட்டின் பாரம் மேல் அடுக்கோடு நின்றுவிட்டது. 23 மீட்டர் அகலக் கட்டடத்தின் பாரமோ கீழ் அடுக்குவரை போனது.

இனி கடிதம் கேட்கும் நான்கு துளைகள். 0.4 ஹெக்டேர் மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து துளை என்று ஐஎஸ் 1892 விதிநூலின் 1979 பதிப்பு வழிகாட்டியது. நம் மனை அதைவிடச் சிறியது, மூன்றே போதும் என்று பில்டர் நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் மண் மாறுகிற இடத்தில் எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஆகவே முதல் துளைக்கும் இரண்டாவதற்கும் நடுவே இரண்டு, எல்லை எங்கே என்று பிடிக்க. அதிக பாரம் வரும் லிஃப்ட் பகுதியில் ஒன்று. இதுவரை பார்க்காத தெற்கு மூலையில் ஒன்று. ஒரு துளைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சேற்றுக்களி வரும் இடத்தில் சுத்தியலால் அடிக்காமல், மெல்லிய குழாயை அழுத்தி இறக்கி, குலையாத மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சுருக்கச் சோதனை செய்யச் சொல்கிறது கடிதம். அந்தச் சோதனைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 90 மில்லிமீட்டர் என்ற தோராயத்துக்குப் பதில் அசல் எண் கிடைப்பது அங்கேதான்.

பணம் இல்லையென்றால்? நடுத்துளைகளில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் கூம்பு முனையை அடித்து இறக்கும் சோதனையைப் பல புள்ளிகளில் செய்யலாம். மண் மாதிரி கிடைக்காது, ஆனால் இளகிய மண் எதுவரை என்று தெரியும். அதில் ஒரு புள்ளி ஏற்கெனவே போட்ட துளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட. இடிபாட்டுக் கழிவு நிரப்பிய வடக்கு ஓரத்தில் இது ஏமாற்றும். ஒரு செங்கல் குறுக்கே வந்தாலும் முனை நின்றுவிடும்.

துளை போடும்போது பில்டரின் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம். கயிற்றை இழுக்கும் கை சோர்ந்து சுத்தியல் 75 சென்டிமீட்டருக்குப் பதில் 60-லிருந்து விழுந்தால், அடி எண்ணிக்கை கூடும், மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். ஏழு துளையின் பதிவும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே வந்தால், இந்த மனையைப் பொறுத்தவரை அதுவே சந்தேகத்துக்கு இடம்.

நான்கு துளைகளும் முடிந்து, பாறை மேற்கிலிருந்து 18 மீட்டர் வரை மெல்லச் சரிந்து, 24-வது மீட்டருக்குள் சட்டென்று இறங்குவதாகத் தெரிந்தது என்று வைப்போம். பாதிக் கட்டடத்தை ஃபுட்டிங்கிலும் பாதியைப் பைலிலும் ஒரே உடலாக நிறுத்துவது அப்போது சரிவராது. ஒன்று, அந்த எல்லையில் கட்டடத்தையே இரண்டாகப் பிரித்து இணைப்பிடைவெளி விட வேண்டும். அல்லது எல்லாத் தூண்களையும் பைல் வழியாகப் பாறையில் நிறுத்த வேண்டும். பைல் என்றால் மேற்கே எட்டு மீட்டர், கிழக்கே 16 மீட்டர் என்று நீளம் மாறும். அண்மையில் கொட்டிய மண்ணின் பாரத்தால் சேற்றுக்களி சுருங்கும்போது பைலையும் தன்னோடு கீழே இழுக்கும், அந்தச் சுமையையும் சேர்த்தே பைலைக் கணக்கிட வேண்டும்.

அப்படி வரையப்படும் பைல் வரைபடத்தின் ஓரத்தில் ஆலோசகர் ஒரு குறிப்பும் எழுதுவார்: எந்தப் பைலிலாவது குறித்த ஆழத்துக்கு ஒரு மீட்டர் மேலேயோ கீழேயோ பாறை வந்தால், கான்கிரீட் போடும் முன் தொலைபேசியில் தெரிவிக்கவும்.