ஒரே ஓர் எண் போதும்

எந்த மெய்யெண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் அந்த எண்ணைவிடக் குறையாது என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். குறியீட்டில் எழுதினால், எல்லா மெய்யெண் x-க்கும் x² ≥ x. 2, 5, 10 என்று போட்டுப் பார்த்தால் சரியாகவே வருகிறது. −3-ஐப் போட்டாலும் 9 தான் பெரியது. ஆனாலும் கூற்று தவறு: ½-இன் வர்க்கம் ¼.

இக்கூற்றை மறுத்து எழுதும்போது இரண்டு இடங்கள் மாறுகின்றன. ‘எல்லா x-க்கும்’ என்பது ‘ஏதேனும் ஒரு x-க்காவது’ என்றாகிறது. ≥ என்பது < ஆகிறது. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் இடத்தில்தான். ‘எல்லா x-க்கும் x² < x’ என்பது மறுப்பு அல்ல, அது வேறொரு கூற்று; x = 2 என்றதுமே அதுவும் விழுந்துவிடும். இரண்டாவது இடத்தில் சமக்குறியைக் கவனிக்க வேண்டும். மூலக்கூற்று x² > x என்றிருந்தால் மறுப்பு x² ≤ x ஆகும். அப்போது 0, 1 ஆகியவையும் அதை உடைக்கப் போதும்.

எதிர் எடுத்துக்காட்டைக் குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. மறுப்பையே தீர்த்தால் போதும். x² < x என்பதை x(x − 1) < 0 என்று எழுதினால், பெருக்கப்படும் இரண்டில் ஒன்று மிகை, மற்றது குறை. x − 1 எப்போதும் x-ஐவிடச் சிறியது என்பதால் அதுதான் குறை எண். எனவே x ஆனது 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் முழு எண் எதுவும் இல்லை. ஆகவே முழு எண்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால் அதே கூற்று உண்மையாகியிருக்கும்.

சில கூற்றுகள் ஒரே இடத்தில்தான் உடையும். எல்லா இயல் எண் n-க்கும் 2ⁿ ≥ n² என்பதை 1, 2, 4, 5, 10 என்று சோதித்தவர் ஏமாந்துவிடுவார். n = 3 எனும்போது மட்டும் 8 < 9.

சோதனை எவ்வளவு நீண்டாலும் நிரூபணம் ஆகாது என்பதற்கு மெர்டென்ஸ் 1897-இல் வெளியிட்ட ஊகம் நல்ல சான்று. ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்கும்போது ஏதேனும் பகா எண் திரும்ப வந்தால் 0, வராவிட்டால் பகா எண்களின் எண்ணிக்கை இரட்டையானால் +1, ஒற்றையானால் −1 என்று மதிப்பிட வேண்டும். 6-க்கு +1, 30-க்கு −1, 12-க்கு 0. 1-க்கு மட்டும் +1 என்று வைத்துக்கொள்வது வழக்கம். 1 முதல் n வரையிலான இந்த மதிப்புகளின் கூட்டுத்தொகை M(n). n > 1 எனில் எப்போதும் |M(n)| < √n என்றார் மெர்டென்ஸ். 10,000 வரை அவரே கணக்கிட்டுப் பார்த்திருந்தார்.

1985-இல் ஒட்லிஸ்கோவும் டெ ரீலேவும் மறுப்பை, அதாவது |M(n)| ≥ √n ஆகும் ஒரு n-ஆவது உண்டு என்பதை, நிரூபித்தார்கள். ரீமன் ஜீட்டா சார்பின் பூச்சியங்களைக் கணினியில் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு, அத்தகைய n இருந்தே தீரும் என்று காட்டினார்கள். எண்ணை அவர்கள் சுட்டவில்லை. 10¹⁶ வரை தேடியும் அப்படி ஒரு n அகப்படவில்லை.