ஏழாவது கசெட்டின் கடைசியில்

மினிடிவி கசெட் ஒரு மணித்தியாலம் ஓடுமென்றால், அதைக் கணினியில் ஏற்றவும் ஒரு மணித்தியாலம் வேண்டும். என் முன்னால் ஒன்பது கசெட்டுகள். தாயின் முப்பத்தோராம் நாளில் போடவிருக்கும் பிரியாவிடைப் படத்துக்காக மகள் கொண்டுவந்தவை.

"அம்மா சிரிக்கிற ஒரு துண்டாவது வேணும் அக்கா" என்றாள்.

கமராவைக் கண்டால் அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொள்வார். நம்மில் பலரும் அப்படித்தானே! ஆகவே படத்தை விட்டு, திரையின் கீழே ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்தேன். பேச்சு அதில் ஒழுங்கின்றி ஏறி இறங்கும். சிரிப்போ நெருக்கமான முட்களாய் வரிசையாக நிற்கும். கைதட்டல்கள் பலமுறை ஏமாற்றின.

ஏழாவது கசெட்டில் மகளின் பூப்புனித நீராட்டு விழா. அதன் கடைசியில், நிறுத்த மறந்து கதிரையில் வைத்த கமரா சரிந்தபடி குசினியைப் பிடித்திருந்தது. சித்தி ஏதோ சொல்ல, திருவலையில் இருந்த அம்மா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். நான்கே செக்கன்கள்.

படத்தை நிமிர்த்தினால் ஓரம் வெட்டுப்பட்டுப் பாதி முகம் போய்விடும். சரிவாகவே விட்டேன். சிரிப்பு திடீரென வெடிக்காதிருக்க முன்னால் இரண்டு செக்கன் சேர்த்தேன். அந்த இடத்தில் பின்னணி இசையும் இல்லை.

மகள் மூன்று தரம் பார்த்தாள். "சித்தி என்ன சொன்னவ?"

தேங்காய் திருவும் சத்தத்தில் அது மட்டும் கேட்கவில்லை. சித்தியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தாள்.