ஊசியில் 4, வாயில் 8

இதயக் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகள் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நுரையீரல் ரத்தக்குழாய்களின் இறுக்கம் பிறந்தபின் மெல்லத் தளரும். தளரத் தளர, உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக நுரையீரலுக்கே திரும்பிப் பாயும். ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்போது தாய்க்குத் தெரிய ஆரம்பிக்கிறது: பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கிறது, நாலு வாய் குடித்ததும் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை. இதயச் செயலிழப்பு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நுரையீரலிலும் கல்லீரலிலும் தேங்கும் நீரை வெளியேற்ற அவர்கள் முதலில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று ஃபியூரோசமைடு. லாசிக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும்.

இந்த மருந்தின் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். வயது பத்து வாரம், எடை 4.1 கிலோ. நிமிடத்துக்கு 70 முறை மூச்சு விடுகிறது, விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் கையில் தட்டுப்படுகிறது. வார்டில் சேர்த்ததும் நரம்பு வழியாக ஊசி போடுகிறார்கள். வழக்கமான அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அரை முதல் 1 மில்லிகிராம். இந்தக் குழந்தைக்கு 4 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதுகிறார். ஊசி மருந்து ஆம்பூலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருப்பதால், சிரிஞ்சில் ஏறுவது வெறும் 0.4 மில்லி. அதையும் ஒரே தள்ளாகத் தள்ளாமல் மெதுவாகச் செலுத்துவார்கள். அதிக அளவு வேகமாக ஏறினால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படலாம். ஜென்டாமைசின் போன்ற மருந்தும் சேர்ந்து ஓடும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கும், அரை மணியில் உச்சத்துக்குப் போகும், சுமார் இரண்டு மணி நேரத்தில் அடங்கும். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறையாக மூன்று நாள் கொடுத்ததில் மூச்சு 50-க்கு இறங்குகிறது. எடையும் 3.95 கிலோவுக்கு இறங்குகிறது. இந்த 150 கிராம் குறைவு நல்ல செய்தி, ஏனென்றால் போனது தேங்கியிருந்த நீர்.

வீட்டுக்குப் போகும் நாளில்தான் குழப்பம் வரும். “சிஸ்டர், ஊசியில 4-னு சொன்னீங்க, சீட்டுல 8-னு போட்டிருக்கே?” என்று கேட்கும் தாய் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். “ஊசி நேரா ரத்தத்துல போகுதும்மா. வாயில குடுத்தா அதுல பாதிதான் உள்ள சேரும்” என்பது நர்ஸ் சொல்லும் சுருக்கமான பதில்.

அந்தப் ‘பாதி’ ஒரு சராசரிதான். பெரியவர்களிலேயே, வாயில் போகும் ஃபியூரோசமைடில் ரத்தத்தில் சேரும் பங்கு ஆளுக்கு ஆள் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்பது வரை மாறுகிறது. இதயம் தளர்ந்து குடல் சுவரும் நீர் கோத்திருக்கும்போது உறிஞ்சுவது இன்னும் தாமதமாகும். ஊசியில் நன்றாகக் கேட்ட மருந்து வாயில் கொடுத்ததும் மந்தமாவதற்கு இதுவே காரணம். அதனால் வாய்வழி அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்று வைத்து, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை கொடுத்து, பலனைப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் கிலோவுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இரட்டிப்பு என்பது தொடங்கும் இடம் மட்டுமே. அந்த அளவு போதுமா என்று தெரிய, வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஒன்றிரண்டு நாள் வாய்வழி மருந்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையான ஆபத்து பெரும்பாலும் மில்லிகிராமை மில்லியாக மாற்றும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள மருந்தில் 8 மில்லிகிராம் என்பது 0.8 மில்லி. ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் உள்ள மருந்தில் அதே 8 என்பது 2 மில்லி. பழைய பாட்டில் தீர்ந்து, கடையில் வேறு செறிவுள்ள பாட்டில் கிடைத்து, கை பழகிய அதே 2 மில்லியைக் கொடுத்தால் குழந்தைக்குள் 20 மில்லிகிராம் போய்விடும். திரவ மருந்து கிடைக்காத இடங்களில் 40 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து நீரில் கலக்குவார்கள். இந்த மருந்து நீரில் சரியாகக் கரையாது, அடியில் படிந்துவிடும். மேல்நீரை எடுத்தால் மருந்து குறைவாகவும், அடியிலிருந்து எடுத்தால் அதிகமாகவும் போகும். சீட்டில் மில்லிகிராம், மில்லி, பாட்டிலின் செறிவு மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் பார்த்து வாங்க வேண்டும். அளக்க ஸ்பூன் கூடாது, 1 மில்லி சிரிஞ்சு வேண்டும்.

இனி பொட்டாசியம். இந்த மருந்து சிறுநீரகக் குழாயின் ஒரு வளைவில் உப்பு திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட உப்பு நீரையும் இழுத்துக்கொண்டு கீழே போகிறது. குழாயின் கடைசிப் பகுதி அந்த உப்பில் கொஞ்சத்தை மீட்க முயல்கிறது. மீட்பதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ரத்தத்தில் அது 3.5-க்குக் கீழே போனால் குழந்தை துவண்டு போகும், வயிறு உப்பும், இதயத் துடிப்பு தடுமாறலாம். டிகாக்சினும் சேர்த்துக் கொடுக்கப்படும் குழந்தைக்கு இந்தக் குறைவு மிகவும் ஆபத்து. அதனால் தொடங்கும் முன்பும், அளவை மாற்றிய சில நாட்களிலும், பிறகு இடைவெளி விட்டும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பைரோனோலாக்டோனை உடன் சேர்ப்பதும் உண்டு. அதோடு எனலாப்ரில் போன்றதும் இருந்தால் அளவு மறுபக்கம் ஏறிவிடக்கூடும். அந்தக் குழந்தைக்குப் பொட்டாசியம் சிரப்பை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது.

ரத்தம் எடுக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பிஞ்சுக் குதிகாலைக் குத்திப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் மாதிரியில் கலக்கும். நிஜத்தில் 3 இருப்பது அறிக்கையில் 4.5 என்று வந்து எல்லோரையும் நிம்மதியாக வைத்துவிடும். குழந்தையின் நிலையோடு பொருந்தாத எண் வந்தால், நரம்பிலிருந்து மறுபடி எடுத்துப் பார்ப்பதே சரி.

நீர்ச்சத்தைக் கவனிக்க வீட்டில் இருக்கும் சிறந்த கருவி எடை பார்க்கும் தராசு. நம் மாதிரிக் குழந்தை இரண்டு வாரத்தில், நாளுக்கு 25 கிராம் வீதம் ஏறி 4.3 கிலோ ஆகிறது. திடீரென்று பேதி. இரண்டு நாளில் எடை 4.05 கிலோ. போனது 250 கிராம், ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு. ஆறு டயபர் நனைந்த இடத்தில் இரண்டுதான் நனைகிறது. உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, வாய் வறண்டிருக்கிறது. நீர் இழக்கும் உடம்பிலிருந்து மருந்தும் நீரைப் பிழிந்தெடுக்கும் நாள் இது. அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே பொட்டாசியம் 2.9, யூரியா உயர்ந்திருக்கிறது. மருந்தை நிறுத்திவைத்து, இதயத்துக்குச் சுமை ஏறாதபடி ஓ.ஆர்.எஸ்.ஸைச் சிறுகச் சிறுகப் புகட்டி, பொட்டாசியத்தையும் ஈடுகட்டுகிறார்கள். பேதி நின்று, சிறுநீர் பழையபடி போய், எண்கள் சீரானதும் மருந்து மறுபடி தொடங்குகிறது.

எடை வேகமாக ஏறுவதையும் மகிழ்ச்சியோடு மட்டும் பார்க்கக் கூடாது. ஒரே நாளில் 100 கிராம் ஏறி மூச்சும் வேகமானால் அது பாலால் வந்த எடையாக இருக்காது; நீர் தேங்குகிறது என்று பொருள். மெதுவாக, உண்மையாகவே வளர்ந்து 5 கிலோ ஆகும்போது வேறு கணக்கு வருகிறது: அதே 8 மில்லிகிராம் இப்போது கிலோவுக்கு 1.6 தான். அந்த அளவிலேயே குழந்தை நன்றாகப் பால் குடித்து, மூச்சு சீராக இருந்தால், சில டாக்டர்கள் அளவை ஏற்றாமல் வளர்ச்சியே மருந்தைக் குறைக்க விட்டுவிடுகிறார்கள். மறுபடி வியர்வையும் மூச்சிரைப்பும் தலைகாட்டினால் 10 மில்லிகிராமாக உயர்த்தி, ஓட்டையை அடைக்கும் அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள்.